விளையாட்டுத் தளபதிக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

1942-ஆம் ஆண்டின் தொடக்கம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு பெரிய அறை. தரையில் பழுப்பு நிற லினோலியம், அதன்மேல் வெள்ளைக் கோடுகளால் போட்ட கட்டங்கள். பத்து அங்குலம் என்றால் ஒரு கடல் மைல் என்று கணக்கு. கட்டங்களின் மேல் குட்டிக் குட்டிப் பொம்மைக் கப்பல்கள். ஓரத்தில் கித்தான் திரை கட்டி, அதில் சின்னத் துளைகள் விட்டிருக்கிறார்கள். போர்க்கப்பல் அதிகாரிகள் அந்தத் திரைக்குப் பின்னால் நின்று துளை வழியாகப் பார்க்க வேண்டும். நடுக்கடலில், ராத்திரியில், கப்பல் மேல்தளத்தில் நின்றால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் கண்ணில் படும்.

ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம். அதற்குள் என்ன செய்யப்போகிறோம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கடற்படையின் மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் அந்தத் தாளை வாங்கிக் கப்பல்களை நகர்த்துவார்கள். பாதுகாப்புக் கப்பல் போன வழியை வெள்ளைச் சாக்பீஸால் வரைவார்கள். ஜெர்மன் நீர்மூழ்கி போன வழியைப் பச்சைச் சாக்பீஸால் வரைவார்கள். பழுப்புத் தரையில் அந்தப் பச்சை, துளை வழியாகப் பார்ப்பவருக்குத் தெரியாது. மேலே நின்று பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்.

கம்ப்யூட்டரில் ஸ்ட்ராட்டஜி கேம் ஆடும் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "ஃபாக் ஆஃப் வார்" என்று உடனே பதில் வரும். நம் படை போன இடம் மட்டும் வெளிச்சமாகவும் மற்ற இடமெல்லாம் கறுப்பாகவும் தெரிகிற அந்தத் திரையை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அதே யோசனையைக் கித்தானையும் சாக்பீஸையும் வைத்து எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்திருக்கிறார். விளையாடுவதற்காக அல்ல, நிஜமாகவே மூழ்கிக்கொண்டிருந்த கப்பல்களைக் காப்பாற்றுவதற்காக.

இந்த வயதுப் பிள்ளைக்கு என்ன புத்தகம் வாங்கலாம் என்று கேட்டால், பலரும் முழு உலகப்போர் வரலாறு என்று தலையணை மாதிரி ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அதில் எல்லாம் இருக்கும், ஆனால் முடிவெடுக்கிற இடம் இருக்காது. எந்தப் படை எந்த நாளில் எங்கே போனது என்று மேலே நின்று பார்த்தவர் எழுதிய கணக்கு அது. விளையாடிப் பழகிய பிள்ளைக்கு வேண்டியது துளை வழியாகப் பார்த்தவரின் கதை. அவருக்கு என்ன தெரிந்தது, எது தெரியவில்லை, அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்ற கதை.

அப்படிப் பார்த்தால் என் முதல் தேர்வு சைமன் பார்கின் 2019-இல் எழுதிய 'எ கேம் ஆஃப் பேர்ட்ஸ் அண்ட் உல்வ்ஸ்'. பார்கின் வீடியோ கேம்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் என்பதால், ஒரு விளையாட்டை எப்படி வடிவமைத்தார்கள் என்பதை விளக்குவதில் அவருக்கு அலாதியான ருசி. மேலே சொன்ன அறைதான் அந்தப் புத்தகத்தின் மையம்.

அறையை உருவாக்கியவர் கில்பர்ட் ராபர்ட்ஸ். காசநோய் வந்ததால் 1938-இல் கடற்படை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. போர் வந்ததும் திரும்ப அழைத்து, அட்லாண்டிக் கடலில் சரக்குக் கப்பல்கள் ஏன் இப்படி மூழ்குகின்றன என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அப்போது சரக்குக் கப்பல்கள் தனியாகப் போவதில்லை. முப்பது நாற்பது கப்பல்கள் வரிசை வரிசையாக, கான்வாய் என்ற கூட்டமாகப் போகும். சுற்றிலும் ஐந்தாறு போர்க்கப்பல்கள் காவல். இரவில் திடீரென்று ஒரு கப்பல் வெடிக்கும். உடனே காவல் கப்பல்கள் வெளிப்பக்கமாகப் பாய்ந்து, வெளிச்சக் குண்டு சுட்டுத் தேடும். எதிரி வெளியே நின்றுதான் சுட்டிருப்பான் என்பது எல்லோரும் நம்பிய விஷயம். இப்படி வெளியே பாய்ந்து தேடுவதற்கு 'பட்டர்கப்' என்று பெயர் வைத்து, அதைப் பயன்படுத்திய புகழ்பெற்ற கேப்டன் ஒருவரும் இருந்தார்.

ராபர்ட்ஸ் பழைய தாக்குதல் ஒன்றின் விவரங்களை வாங்கித் தரையில் வைத்து ஆடிப் பார்த்தார். அடிபட்ட கப்பல் ஓர வரிசையில் இல்லை, கூட்டத்தின் உள்ளே இருந்தது. வெளியே நின்று சுட்டிருந்தால், டார்ப்பிடோ போகக்கூடிய தூரத்துக்குள், இடையில் இத்தனை கப்பல் மீதும் படாமல் அந்த ஒன்றை மட்டும் தாக்கியிருக்க வேண்டும். அது சரிவரவில்லை. அப்படியென்றால் சுட்டவன் கூட்டத்துக்கு உள்ளேயே இருந்திருக்க வேண்டும். உள்ளே எப்படி வந்தான்? முன்னாலும் பக்கவாட்டிலும் காவல் இருக்கிறது. பின்பக்கம்தான் காலி. நீர்மூழ்கி இரவில் நீருக்கு மேலே மிதந்தபடி ஓடினால் அதன் வேகம் சரக்குக் கப்பலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். நீருக்கடியில் ஒலி அனுப்பித் தேடும் ஆஸ்டிக் கருவிக்கு மேலே மிதப்பது பிடிபடாது. ஆக, பின்னாலிருந்து ஓடி வந்து, வரிசைகளுக்கு நடுவே புகுந்து, கிட்டத்தில் சுட்டுவிட்டு, மூழ்கிக் காத்திருக்கிறான். கப்பல் கூட்டம் தலைக்கு மேலே கடந்து போய்விடுகிறது. காவல் கப்பல்களோ வெளியே போய் வெறுங்கடலில் தேடிக்கொண்டிருக்கின்றன.

விடை கிடைத்ததும் தீர்வு தானாக வந்தது. அடி விழுந்தால் வெளியே பாயக்கூடாது. காவல் கப்பல்கள் கூட்டத்தின் பின்பக்கம் போய், வரிசையாக நின்று, ஆஸ்டிக் போட்டு அலச வேண்டும். மூழ்கியவன் அங்கேதான் இருப்பான். இதற்கு 'ராஸ்பெரி' என்று பெயர் வைத்தவர் ஜீன் லெய்ட்லா என்ற இளம்பெண். உதட்டைக் குவித்துப் புர்ரென்று கேலி ஒலி எழுப்புவதற்கு அவர்கள் ஊரில் அந்தப் பெயர். ஹிட்லருக்கு ஒரு புர்ர்.

இந்தப் புத்தகத்தில் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் படிக்கிற பகுதி அட்மிரல் மாக்ஸ் ஹோர்ட்டன் வருகிற இடம். முதல் உலகப்போரில் நீர்மூழ்கி கேப்டனாகப் பெயர் வாங்கியவர் அவர். 1942 நவம்பரில் அந்தக் கடற்பகுதியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். இந்தத் தரை விளையாட்டெல்லாம் எதற்கு என்ற சந்தேகத்தோடு வந்தவர், நீர்மூழ்கியாக நான் ஆடுகிறேன் என்றார். எதிர்ப்பக்கம் பாதுகாப்புக் கப்பல்களை நடத்தியது ஜேனட் ஓகெல் என்ற, கடலுக்கே போகாத இளம்பெண். ஹோர்ட்டன் ஆடினார், தோற்றார். மறுபடி ஆடினார், மறுபடியும் தோற்றார். எத்தனை முறை ஆடினாலும் அந்தப் பெண்ணே அவர் நீர்மூழ்கியை மூழ்கடித்தாள். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 அதிகாரிகள் அந்த அறையில் பயிற்சி எடுத்தார்கள்.

வீட்டில் இதை ஆடிப் பார்க்கலாம். என் அக்கா மகன் ஹாலில் தரை ஓடுகளையே கட்டங்களாக வைத்து, செஸ் காய்களைக் கப்பலாக அடுக்கி, தம்பியைத் துணிக்கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் உட்கார வைத்தான். பின்பக்கமாகப் புகுந்தால் மாட்டாமல் தப்பலாம் என்பது இரண்டாவது ஆட்டத்திலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. போர்வையை எடுத்துவிட்டு ஆடினால் எவருக்கும் எந்த யோசனையும் தேவைப்படவில்லை என்பதையும் பார்த்தோம்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பார்கின் தன் கதாநாயகர்கள்மேல் கொஞ்சம் அதிகமாகவே பிரியம் வைத்துவிட்டார். 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 41 நீர்மூழ்கிகளை இழந்தது. அவர்களின் தளபதி டோனிட்ஸ் வட அட்லாண்டிக்கிலிருந்து படையைப் பின்வாங்கினார். அதற்கு அந்த அறை மட்டும் காரணமில்லை. ரேடார், தொலைதூரம் பறக்கும் விமானங்கள், ரேடியோ ஒலி வரும் திசையைக் காட்டும் கருவி, எனிக்மா சங்கேதத்தை உடைத்தது எல்லாமே சேர்ந்த விளைவு அது. பிள்ளை படித்து முடித்ததும் 'இதில் எது அதிக வேலை செய்திருக்கும்?' என்று கேளுங்கள். கேம் ஆடுகிறவன் அதற்கு ஒரு மணி நேரம் பேசுவான். இன்னொன்று, 1940 செப்டம்பரில் குண்டுவீச்சிலிருந்து தப்பிக்கக் கனடாவுக்கு அனுப்பிய 90 குழந்தைகளில் 77 பேர் 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலோடு இறந்த சம்பவமும் இதில் உண்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் அந்தப் பகுதியை முதலில் நீங்கள் படித்துவிடுங்கள்.

உளவு என்று வரும்போது ஒரு புத்தகம் போதாது, ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு புத்தகங்களைச் சேர்த்து வாங்குங்கள் என்பேன். ஒன்று ஈவன் மான்டேகு 1953-இல் எழுதிய 'தி மேன் ஹூ நெவர் வாஸ்'. மற்றது பென் மக்கின்டையர் 2010-இல் எழுதிய 'ஆப்பரேஷன் மின்ஸ்மீட்'. முன்னது அந்த வேலையைச் செய்தவரே எழுதிய சின்னப் புத்தகம். பின்னது அவருடைய தாள்களையெல்லாம் பார்த்து எழுதிய பெரிய புத்தகம்.

சம்பவம் இதுதான். 1943-இல் நேச நாடுகள் இத்தாலியின் சிசிலித் தீவில் இறங்கத் திட்டமிட்டன. வரைபடத்தைப் பார்த்த யாருக்குமே அடுத்தது சிசிலிதான் என்று தெரியும். அதனால் கிரீஸுக்கும் சார்டினியாவுக்கும் போகப்போகிறோம் என்று ஜெர்மனியை நம்பவைக்க வேண்டும். ஒரு பிணத்துக்கு அதிகாரி உடுப்பு மாட்டி, 'மேஜர் வில்லியம் மார்ட்டின்' என்று பெயர் வைத்து, கையோடு பொய்க் கடிதங்கள் இருந்த பெட்டியைச் சங்கிலியில் பிணைத்து, ஏப்ரல் 30 அதிகாலையில் நீர்மூழ்கியிலிருந்து ஸ்பெயினின் உவெல்வா கரைக்கு அருகே கடலில் விட்டார்கள். ஸ்பெயின் நடுநிலை நாடு என்றாலும் அந்த ஊரில் ஜெர்மன் உளவாளி ஒருவன் துருதுருவென்று இயங்கிக்கொண்டிருந்தான். அதற்காகவே அந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கடிதத்தைவிட அவருடைய சட்டைப்பையில் இருந்தவைதான் ரசமானவை. காதலி எழுதிய கடிதங்கள், நிச்சயதார்த்த மோதிரம் வாங்கிய ரசீது, நாடகம் பார்த்த டிக்கெட்டின் கிழித்த பாதி, கணக்கில் இல்லாத பணத்தை எடுத்துவிட்டீர்கள் என்று வங்கி மேலாளர் கண்டித்து எழுதிய கடிதம். கடன்பட்ட மனிதன் பொய் மனிதனாக இருக்க மாட்டான் என்பது அவர்கள் கணிப்பு. முக்கியமான உறைக்குள் ஒரு கண்ணிமை முடியை வைத்தார்கள். ஸ்பெயின் அரசு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தபோது அந்த முடி இல்லை. யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள். ஜெர்மனி ஒரு டாங்கிப் படைப் பிரிவைப் பிரான்சிலிருந்து கிரீஸுக்கு அனுப்பியது. ஜூலை 10-ஆம் தேதி நேசப்படை சிசிலியில் இறங்கியது.

இரண்டு புத்தகமும் இதே கதையைத்தான் சொல்கின்றன. பிள்ளையிடம் ஒரு வேலை கொடுங்கள்: இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். மான்டேகுவின் புத்தகத்தில் அந்த மனிதர் நிமோனியாவில் இறந்தவர். பெயரைச் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு உறவினர்கள் உடலைத் தந்தார்கள். மக்கின்டையரின் புத்தகத்தில் அவர் கிளிண்ட்வர் மைக்கேல், வேல்ஸைச் சேர்ந்த வீடற்ற இளைஞர், எலி மருந்தால் இறந்தவர். தாயும் தந்தையும் ஏற்கெனவே இறந்துபோனவர்கள். அவர் யார் என்று 1996-இல்தான் தெரிந்தது. உவெல்வாவில் உள்ள கல்லறையில் அவருடைய உண்மைப் பெயரை 1998-இல் பொறித்தார்கள்.

இன்னொரு வேறுபாடு இதைவிட நுட்பமானது. ஜெர்மனி ஏமாந்துவிட்டது என்பது பிரிட்டனுக்கு அப்போதே எப்படித் தெரிந்தது? எதிரியின் சங்கேதத் தந்திகளை உடைத்து அவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். அல்ட்ரா என்ற அந்த ரகசியம் பொதுமக்களுக்கு 1974 வரை தெரியாது. அதனால் மான்டேகு அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. சர்ச்சில் ஆறு பாகமாக எழுதிய போர் வரலாற்றிலும் அது இல்லை. ஆகவே இரண்டாம் உலகப்போரைப் பற்றிப் பழைய புத்தகக் கடையில் எந்தப் புத்தகம் கிடைத்தாலும் முதலில் அட்டையைப் பார்க்காதீர்கள், வெளியான ஆண்டைப் பாருங்கள். 1974-க்கு முந்தியதென்றால், தளபதியின் 'அபாரமான உள்ளுணர்வு' என்று எழுதியிருக்கும் சில இடங்களில் உண்மையில் ஒரு தந்தியின் நகல் மேசைமேல் இருந்திருக்கும்.

ரகசியம் வெளிவந்த புத்தகம் என்பதாலேயே அதையும் கண்ணை மூடி நம்பக்கூடாது. 1974-இல் அல்ட்ராவை வெளியிட்ட வின்டர்பாதம், 1940 நவம்பரில் கோவென்ட்ரி நகரின்மேல் குண்டு விழப்போவது சர்ச்சிலுக்கு முன்பே தெரியும், ரகசியத்தைக் காக்க அவர் நகரத்தை எரியவிட்டார் என்ற பொருளில் எழுதினார். வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றும் கதை அது. அந்த நாட்களில் ஜெர்மன் விமானங்களுக்கு வழிகாட்டிய ரேடியோ கற்றைகளைக் குழப்பும் வேலையில் இருந்த விஞ்ஞானி ஆர்.வி. ஜோன்ஸ் 1978-இல் 'மோஸ்ட் சீக்ரெட் வார்' எழுதினார். அதைப் படித்தால் கதை வேறு. இலக்கு எந்த நகரம் என்பது உறுதியாகத் தெரிந்திருக்கவில்லை. குழப்பும் கருவிகளும் தவறான அலைவரிசையில் இருந்தன. இயற்பியல் பிடித்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல உளவுப் புத்தகம் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வயதுக்குக் கொஞ்சம் கனம்.

மக்கின்டையரின் 'டபுள் கிராஸ்' புத்தகத்தை நம்மூர்ப் பிள்ளைகள் ஒரு வசதியோடு படிக்கலாம். திருக்குறளில் ஒற்றாடல் அதிகாரத்தைப் பள்ளியில் கேள்விப்பட்டிருப்பார்கள். ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொன்னது ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறது அது. ஜெர்மன் உளவுத்துறையும் இந்த விதியைத்தான் கடைப்பிடித்தது. அதனால்தான் ஏமாந்தது.

காரணம் ஹுவான் பூஜோல் என்ற ஸ்பெயின்காரர். பிரிட்டனின் சங்கேதப் பெயர் கார்போ. முதலில் லிஸ்பனில் உட்கார்ந்துகொண்டே, இங்கிலாந்து மண்ணை மிதிக்காமலேயே, சுற்றுலாக் கையேட்டைப் பார்த்து இங்கிலாந்திலிருந்து எழுதுவதாக ஜெர்மனிக்கு உளவு அறிக்கை அனுப்பினார். கிளாஸ்கோ ஆட்கள் ஒரு லிட்டர் ஒயினுக்காக எதையும் செய்வார்கள் என்றுகூட எழுதினார். விஸ்கியும் பீரும் குடிக்கிற ஊர் அது. ஜெர்மனியில் யாருக்கும் அது உறைக்கவில்லை. 1942-இல் பிரிட்டன் அவரை அழைத்துக்கொண்டதும், 27 துணை உளவாளிகளைக் கற்பனையிலேயே படைத்தார். ஒவ்வொருவருக்கும் ஊர், தொழில், குணம் உண்டு. லிவர்பூல் துறைமுகத்தைக் கவனிக்க வேண்டிய 'உளவாளி' ஒருவர், ஒரு பெரிய கப்பல் படை கிளம்பியதைச் சொல்லாமல் விட்டதற்கு விளக்கம் வேண்டுமே! அவர் நோயில் இறந்துவிட்டதாகச் சொல்லி, பத்திரிகையில் இரங்கல் அறிவிப்பே போட்டார்கள். ஜெர்மனி அந்த இல்லாத மனிதரின் இல்லாத மனைவிக்கு உதவித்தொகை கொடுத்தது.

ஜெர்மனி செய்திகளை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்தது. பிரிட்டனுக்குள் இருந்த அதன் உளவாளிகள் எல்லோருமே பிரிட்டனின் கைக்குள் இருந்தார்கள் என்பதுதான் அதற்குத் தெரியாது. மூவரை வைத்துக் கேட்டாலும் முப்பது பேரை வைத்துக் கேட்டாலும் ஒத்துப்போகிற பதில்தான் வரும். 1944 ஜூனில் நார்மண்டியில் நேசப்படை இறங்கிய மூன்றாம் நாள், இது திசைதிருப்பும் தாக்குதல், பெரிய படை கலே பக்கம்தான் வரும் என்று கார்போ செய்தி அனுப்பினார். கலேயைக் காத்துநின்ற ஜெர்மன் படையின் பெரும்பகுதி வாரக்கணக்கில் அங்கேயே நின்றது. ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை விருது கொடுத்தது. பிரிட்டனும் விருது கொடுத்தது.

இந்தப் புத்தகங்களில் எல்லாம் ஆட்டம் வெற்றியில் முடிகிறது, அதுதான் இவற்றின் ஆபத்து. அதனால் ஸ்ரபனி பாசு எழுதிய 'ஸ்பை பிரின்சஸ்' புத்தகத்தைக் கடைசியில் கொடுங்கள். திப்பு சுல்தான் வம்சத்தில் வந்த நூர் இனாயத் கான், ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பாரிஸில் பிரிட்டனுக்காக ரகசிய ரேடியோ இயக்கியவர். அவரோடு வேலை செய்த குழு சிதைந்து, லண்டன் திரும்பி வரச் சொல்லியும் வராமல் தனியாக ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறியவர். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டார். பிடித்த ரேடியோவை வைத்து ஜெர்மானியர்கள் அவர் பெயரில் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். லண்டனும் நம்பியது, மேலும் ஆட்களை அனுப்பியது. கார்போ ஜெர்மனிக்குச் செய்ததை ஜெர்மனி இங்கே பிரிட்டனுக்குச் செய்தது. 1944 செப்டம்பரில் டாக்காவ் முகாமில் நூரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இத்தனையும் ஆங்கிலப் புத்தகங்கள் என்பது சிக்கல்தான். ஆங்கிலம் தடுக்கிற பிள்ளைக்கு, இளைஞர்களுக்கென்றே எழுதும் ஸ்டீவ் ஷெயின்கின்னின் 'பாம்' நல்ல தொடக்கம். அணுகுண்டைச் செய்தவர்களையும் அதன் ரகசியத்தைத் திருடியவர்களையும் மாற்றி மாற்றிச் சொல்கிறது, வாக்கியங்கள் சின்னவை. தமிழில் பின்னணி தெரிந்துகொள்ள மருதனின் 'இரண்டாம் உலகப் போர்' இருக்கிறது, உளவு நிறுவனங்களைப் பற்றி என். சொக்கன் எழுதியவை இருக்கின்றன. ஒரே நடவடிக்கையைத் திரையின் துளை வழியாகப் பார்க்க வைக்கும் அளவுக்கு விரிவாக, தமிழில் நேரடியாக எழுதிய புத்தகம் இன்னும் என் கண்ணில் படவில்லை. பதிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால் பார்கினின் மொழிபெயர்ப்பு உரிமையை விசாரிக்கலாம்.

வாங்குகிறவர்களுக்கு: எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி அடுக்காதீர்கள். முதலில் பார்கின். அது பிடித்தால் மான்டேகு, அவரை முடித்த பிறகே மக்கின்டையர். வரிசையை மாற்றினால் மான்டேகு மறைத்ததைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போய்விடும்.